ஆத்தங்குடிப் பட்டறையிலிருந்து அமெரிக்கக் கிளைக்கு மேலாளரை அனுப்புவது எப்படி? எல்-1ஏ விசா: முழுமையான வழிகாட்டி

"பன்னெண்டு வருசமா நம்மகிட்டதானே இருக்காரு. ஒரு வருசம் வேலை பார்த்தார்னு காட்டுறது என்ன பெரிய காரியம்ணே?"

காரைக்குடியில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒரு முதலாளி இப்படிக் கேட்டது 2024 மே மாதம். அவரும் அவருடைய இரண்டு தம்பிகளும் சேர்ந்து ஆத்தங்குடிக் கல் பட்டறை நடத்துகிறார்கள். அமெரிக்காவுக்குக் கொஞ்ச காலமாகவே கன்டெய்னர் போய்க்கொண்டிருந்தது. நியூ ஜெர்சியில் சொந்தமாக ஒரு கிடங்கும் விற்பனை அலுவலகமும் திறந்து, பட்டறை மேலாளரையே அங்கே பொறுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். ஒரே நிறுவனத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஆளை மாற்றுவதற்கென்றே அமெரிக்காவில் எல்-1 என்ற விசா இருக்கிறது. மேலாளர், நிர்வாகி ஆகியோருக்கு எல்-1ஏ. நிறுவனத்துக்கே உரிய தனி அறிவு உள்ளவர்களுக்கு எல்-1பி. ஹெச்-1பி போலக் குலுக்கல் கிடையாது, பட்டம் படித்திருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை.

இந்த விசாவுக்கு ஒரு வருடம் ஊழியராக வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதால், அந்த மேலாளரின் பி.எஃப். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். முதல் வரவு 2023 ஜூன் மாதச் சம்பளத்துக்கு. நியமனக் கடிதத்தில் தேதி 10-06-2023. அதற்கு முந்தைய பதினோரு வருடமும் அவர் ஆர்டர் பிடித்துக் கொடுத்து, ஆர்டருக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கியிருக்கிறார். நாள் முழுக்கப் பட்டறையிலேயே இருந்தாலும் ஏட்டில் அவர் வெளியாள். இந்த ஒரு மாற்றலை வைத்தே முழு வழியையும் சொல்கிறேன். நான் செய்வது கணக்கும் ஆவணமும் அடுக்கும் வேலை. இந்த மாற்றலுக்கான மனுவைத் தயாரித்து அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் தாக்கல் செய்ய, அந்த நாட்டுக் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். ஆனால் அவருக்கு இங்கிருந்து போகும் காகிதம் சரியாக இல்லாவிட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் படி: அந்த ஒரு வருடத்தை எண்ணுவது

விதி இதுதான். மனு போடும் நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குள், தொடர்ச்சியாக ஒரு வருடம், அமெரிக்காவுக்கு வெளியே, அதே நிறுவனத்திலோ அதன் தாய், கிளை, துணை நிறுவனத்திலோ முழுநேர ஊழியராக வேலை பார்த்திருக்க வேண்டும். இதில் நம்மூர் நிறுவனங்கள் இடறுவது மூன்று இடத்தில்.

ஒன்று, ஊழியர் என்பதற்கான அத்தாட்சி. கமிஷன் ஆள், ஒப்பந்தக்காரர், பகுதிநேரக் கணக்குப்பிள்ளை என்று இருந்த காலம் கணக்கில் வராது. சம்பளத்தை உறையில் போட்டு ரொக்கமாகக் கொடுத்து, வவுச்சரில் கையெழுத்து வாங்கும் வழக்கம் இங்கே இன்னும் உண்டு. அப்படிக் கொடுத்ததை நிரூபிக்க நாய் படாத பாடு பட வேண்டும். வங்கி வழியாகப் போன சம்பளம், சம்பளப் பதிவேடு, பி.எஃப். பாஸ்புக், ஃபார்ம் 16, நியமனக் கடிதம் ஆகிய ஐந்தும் ஒரே தேதியையும் ஒரே பதவியையும் சொல்ல வேண்டும். பழைய தேதி போட்டுப் புதுக் கடிதம் அடிப்பதை மட்டும் நினைக்கவே நினைக்காதீர்கள். பி.எஃப். பாஸ்புக் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். பொய் ஆவணம் கொடுத்தார் என்று பதிவானால் அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க அமெரிக்கப் பக்கமே போக முடியாமல் ஆகலாம்.

இரண்டு, அமெரிக்காவில் இருந்த நாட்கள். வணிக விசாவில் கண்காட்சிக்குப் போய் வருவதால் தொடர்ச்சி அறுந்துவிடாது. ஆனால் அந்த நாட்களை ஒரு வருடத்துக்குள் சேர்த்து எண்ணவும் முடியாது. எத்தனை நாள் அங்கே இருந்தாரோ அத்தனை நாள் பின்னால் கூட வேண்டும்.

மூன்று, எந்த நாளில் ஒரு வருடம் நிறைந்திருக்க வேண்டும் என்பது. மனு தாக்கலாகும் அன்றைக்கே நிறைந்திருக்க வேண்டும். நேர்காணலுக்குள் நிறைந்துவிடும் என்று முன்கூட்டிப் போட்டால் மனு விழுந்துவிடும்.

நம் மேலாளர் கணக்கைப் பாருங்கள். 2023 ஜூன் 10 முதல் 2024 ஜூன் 9 வரை ஒரு வருடம். முதலாளி ஜூன் 12-ஆம் தேதி நல்ல நாள், அன்றைக்கே போட்டுவிடலாம் என்றார். பாஸ்போர்ட்டைப் புரட்டினால் இடையில் இரண்டு பயணம்: கண்காட்சிக்கு 24 நாள், பிறகு வாங்குபவர்களைப் பார்க்க 18 நாள். மொத்தம் 42 நாள். ஜூன் 10-லிருந்து அந்த 42 நாளைக் கூட்டினால் ஜூனில் 21, ஜூலையில் 21; ஜூலை 21-இல்தான் வருடம் நிறைகிறது. ஜூலை 22-க்கு முன்னால் போட்டிருந்தால் கட்டிய பணம் அத்தனையும் போயிருக்கும். நாங்கள் ஆகஸ்டில் போட்டோம். இடைப்பட்ட காலத்தில் "ஒரு வாரம் போய்க் கிடங்கு மட்டும் பார்த்துட்டு வரட்டுமா?" என்று மேலாளர் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாரமும் கணக்கில் கூடியிருக்கும்.

இரண்டாம் படி: இரண்டு நிறுவனமும் ஒரே குடும்பம் என்று காட்டுவது

குடும்பம் என்று நாம் சொல்வது வேறு, சட்டம் சொல்வது வேறு. செட்டிநாட்டுத் தொழில்களில் பங்காளிகள் அதிகம் என்பதால் இதை நிதானமாகவே சொல்ல வேண்டும்.

இந்தப் பட்டறை பதிவு செய்த கூட்டு நிறுவனம். அண்ணன் தம்பிகள் மூவரின் பங்கு 40, 35, 25. அமெரிக்க நிறுவனத்தைப் பெரியவரும் அங்கே இருக்கும் மாப்பிள்ளையும் பாதிப் பாதியாக வைத்துத் தொடங்குவதாக முதலில் பேசியிருந்தார்கள். அங்கே இருப்பவர் பெயரில் இருந்தால் வேலை சுலபம் என்பது அவர்கள் எண்ணம். அப்படிச் செய்திருந்தால் எல்-1 கதவு அடைபட்டிருக்கும். தனிமனிதர்கள் வழியாக இரண்டு நிறுவனத்தை இணைக்க வேண்டுமானால் ஒன்று, இரண்டையும் ஒரே ஆள் கட்டுப்படுத்த வேண்டும். அல்லது அதே ஆட்கள், ஏறக்குறைய அதே விகிதத்தில் இரண்டிலும் பங்கு வைத்திருக்க வேண்டும். இங்கே 40:35:25, அங்கே 50:50, அதிலும் ஒருவர் புதியவர் என்றால் அந்த இரண்டும் சட்டத்தின் கண்ணில் தொடர்பே இல்லாத இரண்டு கடைகள். ரத்த உறவு ஒட்டாது.

நேரான வழி, பட்டறையே அமெரிக்க நிறுவனத்தின் தாய் நிறுவனமாக ஆவது. நியூ ஜெர்சியில் பதிவு செய்த கார்ப்பரேஷனின் எல்லாப் பங்கும் பட்டறையின் பெயரில். மாப்பிள்ளைக்கு மனக்குறை வராதபடி அவரைப் பிற்பாடு சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதாகப் பேசி முடித்தார்கள்.

இதற்கு இந்தியப் பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்தில் முதலீடு செய்வதற்கான 2022-ஆம் வருட விதிகளின்படி, கம்பெனி மட்டுமல்ல, பதிவு செய்த கூட்டு நிறுவனமும் முதலீடு செய்யலாம். உங்கள் வங்கியில் அந்நியச் செலாவணி பார்க்கும் கிளைக்குப் போய் எஃப்சி படிவம் கொடுத்து, ரிசர்வ் வங்கியின் தனி அடையாள எண் வாங்கி, அதன் பிறகே பணம் அனுப்ப வேண்டும். பணம் அனுப்பிய ஆறு மாதத்துக்குள் பங்குச் சான்றிதழை வங்கியிடம் காட்ட வேண்டும். ஒவ்வொரு டிசம்பர் 31-க்குள்ளும் ஆண்டு அறிக்கை கொடுக்க வேண்டும். பட்டறைக் கணக்கிலிருந்து புறப்பட்ட டாலர் நேராக அந்தக் கார்ப்பரேஷன் கணக்கில் போய் விழுந்ததற்கான வங்கிச் சீட்டுதான் பங்குச் சான்றிதழுக்கு உயிர் கொடுக்கும் காகிதம். உறவினர் கணக்கு வழியாகச் சுற்றிப் போன பணம் மனுவில் பெரிய கேள்வியாக நிற்கும்.

மூன்றாம் படி: மேலாளர் உண்மையிலேயே மேலாளர்தானா?

மனுக்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். விசிட்டிங் கார்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அவர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார், அவருக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ரங்கூனிலும் பினாங்கிலும் நம் பெரியவர்கள் கடை வைத்திருந்தபோது மூன்று வருடக் கணக்குக்கு ஆளை அனுப்பினார்கள். சம்பளச் சீட்டு எழுதித்தான் அனுப்பினார்கள். கடையில் மேலாள் இருப்பார், அவருக்கு அடுத்தாள், அடியில் பெட்டியடிப் பையன். எல்-1ஏ அதிகாரி தேடுவதும் இந்த அடுக்கைத்தான். பெட்டியடிப் பையன் வேலையையும் மேலாளே பார்க்கிற கடையில் மேலாள் என்று ஒருவர் இல்லை என்று அவர் முடிவு கட்டிவிடுவார்.

சட்டம் மேலாளருக்கு வைத்திருக்கும் நிபந்தனை நான்கு. நிறுவனத்தையோ அதன் ஒரு பிரிவையோ நடத்த வேண்டும். தனக்குக் கீழே வேறு மேற்பார்வையாளர்களையோ தொழில்முறைப் படிப்பு தேவைப்படும் பதவியில் உள்ளவர்களையோ வைத்து வேலை வாங்க வேண்டும்; இல்லாவிட்டால் நிறுவனத்துக்கு இன்றியமையாத ஒரு செயல்பாட்டைப் பொறுப்பேற்று நடத்த வேண்டும். ஆளை எடுக்கவும் அனுப்பவும் அதிகாரம் வேண்டும். அன்றாட முடிவுகளைத் தானே எடுக்க வேண்டும். தொழிலாளர்களை நேரடியாக மேய்க்கும் முதல்நிலை மேற்பார்வையாளர் இதில் வரமாட்டார்.

பட்டறைக்கு நேரில் போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். கண்ணாடியை அடியில் வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தைப் போட்டு, வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கையால் பூவும் கொடியுமாக ஊற்றுகிறார்கள். மேலே மணலும் சிமெண்டும் கலந்து பரப்பி அழுத்துகிறார்கள். காய்ந்த கல் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறது. ஊற்றும் களத்துக்கு ஒரு மேஸ்திரி, தொட்டிக்கும் அடுக்குக்கும் ஒரு மேஸ்திரி, ஏற்றுமதிக் காகிதத்துக்குப் பி.காம். படித்த ஒரு பெண், மொத்தம் 38 பேர். மேலாளர் கண்ணாடியை உரித்து ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்ப்பார் என்று நினைத்துத்தான் போனேன். அதைத் தொட்டி மேஸ்திரி செய்தார். மேலாளர் முற்பகல் முழுக்க மூன்று ஆர்டரில் எதை முன்னால் தள்ளுவது என்று முடிவெடுத்தார், வெள்ளைச் சிமெண்ட் விலை பேசினார், அடிக்கடி விடுப்பு எடுக்கும் ஒருவரை என்ன செய்வது என்று மேஸ்திரியிடம் கேட்டுத் தீர்த்தார்.

ஆனால் முதலாளி தந்திருந்த அனுபவக் கடிதத்தில் இருந்தது ஒரே வரி: "பட்டறை வேலைகள் அனைத்தையும் மேற்பார்வையிடுகிறார், தரம் சரிபார்க்கிறார்." இந்த வரி அவரை மேஸ்திரியாக்கிவிடும். அதை மாற்றி, அவருடைய வாரத்தைப் பகுதி பகுதியாக எழுதினோம். இரண்டு மேஸ்திரிகளுக்கும் ஏற்றுமதிப் பெண்ணுக்கும் இலக்கு வைத்து வாராவாரம் ஆய்வு செய்வது 35 சதவீதம். உற்பத்தித் திட்டமும் கொள்முதல் ஒப்பந்தமும் 30. ஆள் எடுப்பு, ஊதிய உயர்வு, நீக்கம் 15. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் விலை, காலக்கெடு பேசுவது 15. முதலாளிகளுக்கு மாத அறிக்கை 5. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்சிக் காகிதம் வைத்தோம்: அவர் கையெழுத்திட்ட நியமனக் கடிதம், கொள்முதல் ஆணை, மேஸ்திரிகளின் சம்பள உயர்வுக்கு அவர் எழுதிய பரிந்துரை. கூடவே, பெயரும் பதவியும் படிப்பும் சம்பளமும் போட்ட அமைப்பு வரைபடம் ஒன்று. நடக்காத வேலையை எழுதாதீர்கள். நடக்கும் வேலையை விடாமல் எழுதுங்கள்.

இன்னொன்று. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அமெரிக்க அலுவலகத்துக்குப் போகிறவர் என்றால், இங்கே அந்த ஒரு வருடத்தைத் தனி அறிவு தேவைப்படும் வேலையில் கழித்திருந்தாலும் எல்-1ஏ-வுக்கு வாய்ப்பு உண்டு. புதிதாகத் திறக்கும் அலுவலகத்துக்கு என்றால் அந்த ஒரு வருடமும் மேலாளராகவோ நிர்வாகியாகவோ இருந்திருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கும் குறைவாகத் தொழில் செய்துவரும் அலுவலகம் எல்லாமே புதிய அலுவலகம்தான்.

நான்காம் படி: புதிய அலுவலகத்தைக் காகிதத்தில் நிற்க வைப்பது

மனு போடும்போதே இடம் கையில் இருக்க வேண்டும். மாதம் ஐம்பது டாலருக்குக் கிடைக்கும் முகவரி மட்டும் உள்ள அலுவலகம் கல் வியாபாரத்துக்கு எடுபடாது. இவர்கள் எடிசன் நகரில் 3,000 சதுர அடிக் கிடங்கை வாடகைக்கு எடுத்தார்கள். கல் பலகைக்குப் பலகை கனம். தரை தாங்குமா, லாரி பின்னால் வந்து நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்து எடுத்த ஒப்பந்தம், அதோடு உள்ளேயும் வெளியேயும் எடுத்த படங்கள் வைத்தார்கள்.

அடுத்தது தொழில் திட்டம். ஒரே வருடத்துக்குள் அந்த அலுவலகம் ஒரு மேலாளரைத் தாங்கும் அளவுக்கு வளரும் என்று நம்ப வைப்பதுதான் அதன் வேலை. இவர்கள் திட்டத்தில் மூன்றாம் மாதம் கிடங்கு மேற்பார்வையாளர், நான்காம் மாதம் விற்பனை அலுவலர், ஆறாம் மாதத்துக்குள் இரண்டு கிடங்கு ஆட்கள், கணக்குக்கு வெளியே ஒரு நிறுவனம் என்று இருந்தது. அந்தச் சம்பளத்துக்கும் வாடகைக்கும் போதுமான பணமாக 1,20,000 டாலர் ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. இவ்வளவு முதலீடு வேண்டும் என்று சட்டத்தில் வரம்பு எதுவும் இல்லை. உங்கள் திட்டத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு இருக்க வேண்டும்.

மேலாளர் போன பிறகு இங்கே பட்டறையை யார் நடத்துவார்கள் என்றும் எழுதுங்கள். அவர் அங்கே இருக்கும் காலம் முழுக்க இந்தியத் தொழிலும் தொடர்ந்து நடக்க வேண்டும். அது நின்றால் விசாவுக்கு அடிப்படையே போய்விடும். போகிறவர் முதலாளிகளில் ஒருவராகவே இருந்தால், வேலை முடிந்ததும் வெளிநாட்டுப் பொறுப்புக்குத் திரும்புவார் என்பதற்கும் சான்று வைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: மனு, கட்டணம், நேர்காணல்

மனு I-129 படிவம், அதனோடு எல் பிரிவுக்கான இணைப்பு. இதைப் போடுவது நிறுவனம். ஊழியர் தானே போட முடியாது. 2024 ஏப்ரல் 1-இல் வந்த கட்டண முறையில், அமெரிக்காவில் 25 அல்லது அதற்குக் குறைவான முழுநேர ஊழியர்கள் உள்ள நிறுவனத்துக்கு மனுக் கட்டணம் 695 டாலர், மோசடித் தடுப்புக் கட்டணம் 500, புகலிடத் திட்டக் கட்டணம் 300. ஆக 1,495 டாலர். கட்டணம் மாறக்கூடியது, அனுப்பும் நாளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தனிக் கட்டணம் கட்டினால் 15 வேலை நாளுக்குள் ஒரு பதில் வரும். அந்தப் பதில் ஒப்புதலாகவும் இருக்கலாம், கூடுதல் சான்று கேட்கும் கடிதமாகவும் இருக்கலாம். இவர்களுக்குக் கடிதம்தான் வந்தது. இரண்டு மேஸ்திரிகளும் உண்மையில் மேற்பார்வையாளர்களா என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்குக் கீழும் இருக்கும் ஆட்களின் வருகைப் பதிவேட்டில் அந்த மேஸ்திரிகள் போட்ட கையெழுத்துப் பக்கங்களை மொழிபெயர்த்து அனுப்பினோம். ஒப்புதல் வந்தது.

பிறகு DS-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, விசாக் கட்டணம் கட்டி, சென்னையில் நேர்காணல். எல் விசாவுக்கு, திரும்பி வர மாட்டார் என்ற ஐயத்தை உடைக்க வீடு, நிலப் பத்திரம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தன் வேலையைத் தானே சொல்லத் தெரிய வேண்டும். மனுவில் 38 பேர் என்று இருக்க, அவர் வாயில் "ஒரு இருபது பேர் இருப்பாங்க" என்று வந்தால் அதோடு சிக்கல். மனுவின் நகலை அவர் இரண்டு முறையாவது படித்திருக்க வேண்டும்.

மனைவிக்கும் 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் எல்-2. மனைவி அங்கே தனி அனுமதி அட்டைக்குக் காத்திருக்காமல் வேலை பார்க்கலாம். இறங்கும்போது, நுழைவைக் குறிக்கும் I-94 பதிவில், வாழ்க்கைத் துணைக்கான L-2S என்ற குறியீடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறாம் படி: ஒரு வருடம் கழித்து வரும் சோதனை

புதிய அலுவலகத்துக்கு முதலில் கிடைப்பது ஒரு வருடம்தான். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில் என்ன தேதி இருந்தாலும், தங்கலாம் என்பதைச் சொல்வது I-94 பதிவிலுள்ள தேதி. அது முடிவதற்கு முன்பே நீட்டிப்பு மனு போட வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம். கிடைத்தால் இரண்டிரண்டு வருடமாக, எல்-1ஏ-வில் மொத்தம் ஏழு வருடம் வரை. நடுவில் ஊருக்கு வந்து தங்கிய நாட்களை அந்த ஏழில் கழித்துக்கொள்ளலாம், விமானச் சீட்டும் முத்திரையும் பத்திரமாக இருந்தால்.

முதல் மனுவில் திட்டத்தைப் பார்த்தார்கள். நீட்டிப்பில் நடந்ததைப் பார்ப்பார்கள். வருடம் முழுக்க இடைவிடாமல் தொழில் நடந்ததா, எத்தனை பேருக்குச் சம்பளம் போனது, மேலாளர் இப்போது என்ன செய்கிறார் என்பவைதான் கேள்வி.

ஐந்தாம் மாதம் அந்த மேலாளரிடம் வீடியோவில் பேசினேன். கையில் உறை மாட்டிக்கொண்டு, பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார். "ஆளு கெடைக்கலைண்ணே. நானே வேன் ஓட்டிக் கொண்டுபோய் இறக்கிட்டு வர்றேன். முதலாளிக்குச் செலவு மிச்சம்." நல்ல மனசு, விசாவுக்கு அதுதான் ஆபத்து. அன்றைக்கே முதலாளியைக் கூப்பிட்டு, மிச்சம் பிடிக்கிற சம்பளத்தை விட நீட்டிப்பு போனால் வரும் நஷ்டம் பெரிது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆறாம் மாதத்தில் கிடங்கு மேற்பார்வையாளரும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். எட்டாம் மாதத்தில் விற்பனை அலுவலர்.

நீட்டிப்புக்கு அந்த நால்வரின் சம்பளப் பதிவு, காலாண்டு வரிப் படிவம் 941, விற்பனைப் பட்டியல், வங்கிக் கணக்கு, மேலாளரின் புதிய வார அட்டவணை எல்லாம் போயின. 2025 செப்டம்பரில் முடியவிருந்த அனுமதி இன்னும் இரண்டு வருடத்துக்கு நீண்டது. வேன் இப்போது கிடங்கு ஆள் ஒருவர் கையில் இருக்கிறது. மேலாளர் அடுத்த கிளைக்கு டெக்சாஸில் இடம் பார்க்கிறார். ஊரில் அவர் இடத்தில் உட்கார்ந்திருக்கும் தொட்டி மேஸ்திரிக்கு முறைப்படி நியமனக் கடிதம் கொடுத்து, சம்பளத்தை வங்கியில் போடச் சொல்லியிருக்கிறேன். டெக்சாஸுக்கு அவரை அனுப்ப வேண்டி வந்தால், வருடம் அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணப்படும்.